அடங்கல் எழுதியாச்சு, ஆனால் இன்சூரன்ஸுக்குச் சொல்லியாச்சா?



பயிர்க் காப்பீடு பற்றி எழுதுங்கள் சார் என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள். டெல்டா பக்கம் சம்பா போடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. இத்தனை வருடம் ஆகியும் எங்கள் ஊர் டீக்கடையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இந்த வருஷம் இன்சூரன்ஸ் வருமா, வராதா?" ஏதோ மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக் கேட்கிற மாதிரி.

கேள்வியே தப்பு என்பது என் கருத்து. கேட்க வேண்டியது, "எனக்கு நேர்ந்த நஷ்டம் நான் சொன்னால் வருவதா, சொல்லாமலே வருவதா?" என்பதுதான். அந்தப் பாலிசி ஆவணத்தை எத்தனை பக்கம் புரட்டினாலும் சாரம் இந்த இரண்டில் அடங்கிவிடும்.

சொல்லாமலே வருவது

முதல் வகை, ஊர் முழுக்க மகசூல் குறைவது. வறட்சி, வெள்ளம், புயல், பூச்சி, நோய் என்று எதனால் குறைந்தாலும் சரி. இதற்கு நீங்கள் யாருக்கும் போன் பண்ண வேண்டியதில்லை, மனு எழுத வேண்டியதில்லை. ஆனால் இதில் உங்கள் வயலை யாரும் தனியாகப் பார்க்க மாட்டார்கள். நெல்லுக்கு நம் பக்கம் வருவாய் கிராமம்தான் அலகு. கிராமத்தில் நான்கு இடங்களைத் தேர்ந்தெடுத்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுவார்கள். அதுதான் பயிர் அறுவடைப் பரிசோதனை. அதில் வருகிற சராசரிதான் உங்கள் மகசூல். உங்கள் வயலில் மூட்டை கணக்கு என்னவாக இருந்தாலும் அது கணக்கில் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. கடந்த 7 வருடத்தில் நன்றாக விளைந்த 5 வருடத்தை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். அது ஏக்கருக்கு 1,900 கிலோ என்று வையுங்கள். இழப்பீட்டு அளவு 80 சதவீதம் என்றால் 1,520 கிலோ. இதற்கு உத்தரவாத மகசூல் என்று பெயர். இந்த வருடம் பரிசோதனையில் வந்தது 1,140 கிலோ. குறைவு 380 கிலோ. 1,520-ல் 380 என்பது நான்கில் ஒரு பங்கு. ஆகவே காப்பீட்டுத் தொகையிலும் நான்கில் ஒரு பங்கு கிடைக்கும். ஏக்கருக்கு 36,000 ரூபாய்க்குக் காப்பீடு என்றால் 9,000 ரூபாய். சம்பாவுக்கு நாம் கட்டுவது அந்தத் தொகையில் ஒன்றரை சதவீதம், அதாவது 540 ரூபாய்.

இதே ஊரில் பரிசோதனையில் 1,600 கிலோ வந்துவிட்டால் இந்த வகையில் ஒருவருக்கும் ஒரு பைசா கிடையாது. உங்கள் வயல் பள்ளக்கால், முழுதும் அழுகிவிட்டது என்றாலும் கிடையாது. "பக்கத்து ஊருக்கு வந்தது, எங்களுக்கு வரலையே, நடுவில் ஒரு வாய்க்கால்தானே" என்கிற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. பக்கத்து ஊரின் சராசரி வேறு, உத்தரவாத மகசூலும் வேறு.

சொன்னால்தான் வருவது

இரண்டாவது வகையில்தான் உங்கள் சர்வே எண்ணுக்கே வந்து தனியாகப் பார்ப்பார்கள். இது இரண்டு சந்தர்ப்பத்துக்கு உண்டு.

ஒன்று, குறிப்பிட்ட இடத்தில் மட்டும் விழுகிற இடர்: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் தீ, வயல் மூழ்குவது. இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்று சொல்லி, வயல் மூழ்குவதை நெல்லுக்கு மட்டும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். கரும்பு, சணலுக்கும் அப்படியே. கார்த்திகை மழையில் பத்து நாள் தண்ணீருக்குள் கிடக்கிற இளம் பயிர் "நீர் விரும்பும் பயிர்" ஆகிவிட்டது! வேரை மட்டும் நனைக்கிற தண்ணீருக்கும் குருத்தை மூழ்கடிக்கிற தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் நாற்று நடுகிற பெண்களுக்குத் தெரியும். 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம், 2026 காரிஃப் பருவம் முதல் நெல் வயல் மூழ்குவதைத் திரும்பச் சேர்ப்பதாகவும், காட்டு விலங்கு சேதத்தையும் சேர்ப்பதாகவும் அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் 2020-லிருந்து இந்தக் கூடுதல் இடர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாநிலத்தின் விருப்பம். ஆகவே உங்கள் மாவட்டத்துக்கு, உங்கள் பயிருக்கு, அந்தப் பருவத்துக்கான அறிவிக்கையில் இருக்கிறதா என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேப்பரில் செய்தி வந்தது என்பது போதாது.

இன்னொன்று, அறுவடைக்குப் பிந்திய இழப்பு. நம் ஊரில் தை மாதத்தில் வருகிற வம்பு முழுக்க இதில்தான். அறுத்து, வயலிலேயே காய்வதற்காகப் பரப்பி வைத்த அரி, அல்லது சின்னக் கட்டாகக் கட்டி வயலில் போட்டது, அறுத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் ஆலங்கட்டி, புயல், புயல் மழை, பருவம் தவறிய மழை ஆகியவற்றில் கெட்டால் இழப்பீடு உண்டு. இதுவும் மாநிலம் அறிவித்திருக்க வேண்டிய கூடுதல் இடர்தான்.

இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை, சேதம் நடந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது.

ஒரே மழை, மூன்று பேர்

போன தை மாதம் எங்கள் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று பேரும் என்னிடம் படித்தவர்கள். பெயர் வேண்டாம். மூவருக்கும் தலா 3 ஏக்கர் சம்பா. மூவரும் பிரீமியம் கட்டியவர்கள்.

வயலில் ஈரம் காயவில்லை. செயின் வண்டி வந்து இரண்டு ஏக்கரை அறுத்துக் கொடுத்துவிட்டு, பள்ளமாக இருந்த ஒரு ஏக்கரில் புதையும் என்று திரும்பிப் போய்விட்டது. முதல் இரண்டு பேரும் அந்த ஒரு ஏக்கரை ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் கையால் அறுத்து, அரியை வயலிலேயே காயப் போட்டார்கள். மூன்றாமவர் வயல் மேட்டு வயல். அவர் முழுதையும் வண்டியிலேயே அறுத்து, நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி முறைக்குக் காத்திருந்தார். செவ்வாய் இரவு கொட்டியது மழை. விடியவிடிய நிற்கவில்லை. அரி தண்ணீரில் மிதந்தது. நெல் குவியலில் அடியில் முளை விட்டது.

புதன்கிழமை கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் வந்தார்கள். ஒவ்வொருவராகப் பெயர், சர்வே எண், பரப்பு எழுதிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். முதலாமவர் "எழுதிட்டாங்க சார், இனி வந்துடும்" என்று நிம்மதியாக இருந்தார். மறு திங்கட்கிழமை வேளாண் அலுவலகம் போய் இன்சூரன்ஸ் ஆள் எப்போது வருவார் என்று கேட்டபோதுதான், நீங்கள் தகவலே கொடுக்கவில்லையே என்றார்கள். செவ்வாய் இரவு பெய்த மழைக்கு வெள்ளி இரவோடு 72 மணி நேரம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை எழுதிக்கொண்டு போனது அரசு பேரிடர் நிவாரணத்துக்கான கணக்கு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான பயிருக்கு அரசு கொடுக்கிற உதவி அது. 2023 பிப்ரவரி மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்ததே, அந்த மாதிரி. அது வேறு பணம், வேறு கணக்கு, வேறு அலுவலகம். பிரீமியம் கட்டாதவருக்கும் அது உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்கள் தகவல் சொன்னதாக ஆகாது. நம் ஊரில் பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வந்தவர்கள் அரசு ஆட்கள், கேட்டது அதே சர்வே எண், எடுத்தது அதே போட்டோ. எது எதற்கென்று விவசாயி எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

இரண்டாமவர் புதன்கிழமை காலையிலேயே 14447-க்குப் போன் போட்டார். அது பயிர்க் காப்பீட்டுக்கான கட்டணமில்லா எண். விண்ணப்ப எண், கிராமம், சர்வே எண், எத்தனை ஏக்கர் சேதம், எந்தத் தேதியில் அறுத்தது, எந்தத் தேதியில் மழை என்று கேட்டார்கள். முடிவில் ஒரு பதிவு எண் கொடுத்தார்கள். அதை ரசீதின் பின்பக்கம் எழுதி வைத்தார். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் இதே விவரத்தை எழுதி வேளாண் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொண்டார். அரியைத் தொடவில்லை. சனிக்கிழமை மதிப்பீட்டாளர் வந்தார். விதிப்படி தகவல் கிடைத்த 48 மணி நேரத்தில் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், அடுத்த 10 நாளில் பார்த்து முடிக்க வேண்டும், அறிக்கை வந்த 15 நாளில் பணம் தர வேண்டும். நம் கணக்கிலேயே சொன்னால், ஏக்கருக்கு 36,000 ரூபாய்க் காப்பீடு, அந்த ஒரு ஏக்கரில் 60 சதவீதம் இழப்பு என்று மதிப்பிட்டால் 21,600 ரூபாய். பிறகு ஊர் சராசரியிலும் குறைவு வந்து அதற்கான தொகை இதைவிட அதிகமானால், கூடுதலாக உள்ள மீதியைத் தருவார்கள். இரண்டையும் கூட்டித் தர மாட்டார்கள்.

மூன்றாமவரும் போன் போட்டார், அதுவும் புதன்கிழமையே. ஆனால் அவருக்கு இதில் இடமில்லை. வயலில் பரப்பியோ சின்னக் கட்டாகவோ கிடந்தால்தான் கணக்கு. ஓரிடத்தில் சேர்த்துப் போராகப் போட்டதற்கே கிடையாது என்று விதி சொல்லுகிறது. அடித்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் முளைத்ததற்கு இந்தப் பாலிசியில் வழியே இல்லை.

மூவருக்கும் ஒரே மழைதான். பாலிசி மட்டும் மூன்று கண்ணால் பார்த்தது.

கடைசித் தேதி என்பது எந்தத் தேதி?

சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15, அதாவது ஐப்பசி கடைசி. சில வருடம் நீட்டித்துத் தருகிறார்கள். நீட்டிப்பார்கள் என்று நம்பிக் காத்திருப்பதில் ஒரு அபாயம் இருக்கிறது. பிரீமியம் கட்டிய பிறகு நடக்கிற சேதத்துக்குத்தான் பாதுகாப்பு. நவம்பர் 12-ம் தேதி வயலுக்கு ஏதாவது ஆகி, 14-ம் தேதி போய்ப் பணம் கட்டினால், ரசீது கிடைக்கும், அந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. புயல் சின்னம் என்று டி.வி.யில் சொன்ன பிறகு பொது சேவை மையத்தில் வரிசை நிற்பதையும், சர்வர் சுற்றிக்கொண்டே இருப்பதையும் வருடாவருடம் பார்க்கிறோம். விதைத்து விதைப்புச் சான்று வாங்கியதும் கட்டிவிடுவதே சரி.

கூட்டுறவு சங்கத்திலோ வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு இன்னொரு தேதி இருக்கிறது. 2020-லிருந்து கடன் வாங்கியவர்களுக்கும் காப்பீடு கட்டாயமில்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அவர்களே பிடித்துக் கட்டிவிட வேண்டும். பிடித்தார்களா என்று பாஸ்புக்கில் பார்த்துவிடுங்கள். "சங்கத்துல கட்டியிருப்பாங்க" என்று இருந்துவிட்டு, கட்டவில்லை என்பது அறுவடைக்கு அப்புறம் தெரிந்தால் பயனில்லை.

கட்டியவுடன் ரசீதை மடித்துப் பையில் வைக்காதீர்கள். அதில் உள்ள வருவாய் கிராமத்தின் பெயரைப் படியுங்கள். நீங்கள் குடியிருக்கிற ஊர் ஒன்று, நிலம் இருக்கிற ஊர் இன்னொன்று என்பது நம்மிடம் சாதாரணம். சேவை மையத்துப் பையன் ஆதாரில் இருக்கிற ஊரைப் போட்டுவிட்டால், பிறகு அந்த ஊரின் சராசரிதான் உங்களுக்கு வரும். நிலம் இருக்கிற ஊருக்கு இழப்பீடு வந்தாலும் நீங்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அடுத்து சர்வே எண்ணும் பரப்பும் அடங்கலோடு ஒத்துப்போகிறதா, பயிர் சம்பா நெல் என்று இருக்கிறதா, வங்கிக் கணக்கு எண் சரியா என்று பாருங்கள். தப்பு இருந்தால் கடைசித் தேதிக்குள் திருத்தச் சொல்லிவிட வேண்டும். pmfby.gov.in தளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டாலும் நிலவரம் தெரியும்.

இனி என் கருத்து

72 மணி நேரக் கெடுவையே நான் எதிர்க்கவில்லை. என் நண்பர் ஒருவர், வேளாண் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சொன்னார்: "ஐயா, ஒரு வாரம் கழிச்சுப் போனா தண்ணி வடிஞ்சிருக்கும், அரியை அள்ளியிருப்பாங்க, நான் எதைப் பாத்து எழுதுறது?" நியாயம்தான். சேதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சீக்கிரம் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதே புதன்கிழமை, அதே வயலில், அரசு அலுவலர் ஒருவர் சர்வே எண் எழுதி, போட்டோவும் எடுத்திருக்கிறார். சேதத்துக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? வேளாண் துறையிடம் தகவல் சொன்னாலும் செல்லும் என்று திட்டத்து விதியிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, நிவாரணத்துக்கு எழுதுகிற படிவத்திலேயே "பயிர்க் காப்பீடு உண்டா, விண்ணப்ப எண் என்ன" என்று ஒரு கட்டம் சேர்த்து, அந்தப் பட்டியலையே அன்று மாலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? கரண்டும் டவரும் இல்லாத ஊரில், நனைந்த போனை வைத்துக்கொண்டு விவசாயி 14447-க்கு அலைய வேண்டியதில்லை. செயலியில் இடம் பதிவாகிற மாதிரி போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பட்டன் போன் வைத்திருக்கிற அறுபது வயதுக்காரர் என்ன செய்வார்?

அடுத்தது, ரசீது தமிழில் வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். பின்பக்கத்தில் மூன்று வரி போதும்: உங்கள் கிராமத்தின் உத்தரவாத மகசூல் இவ்வளவு, உங்கள் பயிருக்கு அறிவிக்கப்பட்ட கூடுதல் இடர்கள் இவை, சேதமானால் 72 மணி நேரத்துக்குள் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள். மூன்றும் அச்சடிக்கிற அன்றே தெரிந்த விஷயங்கள்தான்.

மூன்றாவது, பயிர் அறுவடைப் பரிசோதனை எந்த நான்கு வயலில், என்றைக்கு, எவ்வளவு எடை என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். ஊருக்கே ஒரே மதிப்பெண் போடுகிற பரீட்சை அது. விடைத்தாளை ஊர் பார்க்கட்டுமே. இன்று அறுக்கிறார்கள் என்று தெரிந்தால் இரண்டு விவசாயிகள் போய் நின்று தராசைப் பார்ப்பார்கள். பிறகு பணம் வரவில்லை என்றாலும் ஏன் வரவில்லை என்று தெரியும். இப்போதோ, வந்தால் யாரோ வாங்கிக் கொடுத்ததாகவும் வராவிட்டால் யாரோ தின்றுவிட்டதாகவும் பேச்சு.

கொள்முதல் நிலையத்து வாசலில் முளைத்த நெல்லுக்கு என்ன வழி என்பதையும் அரசு யோசிக்க வேண்டும். வண்டி அறுவடை பெருகிய பிறகு அரி காய்கிற வயலே குறைந்துவிட்டது. ஆபத்து வயலிலிருந்து நிலையத்து வாசலுக்கு இடம் மாறிவிட்டது. பாலிசி மட்டும் இன்னும் வயலிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இதெல்லாம் நடக்கிறபோது நடக்கட்டும். அதுவரை உங்கள் ரசீதின் பின்பக்கத்தில் நீங்களே பேனாவால் 14447 என்றும், விண்ணப்ப எண்ணையும் சர்வே எண்ணையும் எழுதி, வீட்டில் காலண்டர் மாட்டியிருக்கிற ஆணியில் தொங்கவிடுங்கள். வீட்டு அம்மாவுக்கும் காட்டி வையுங்கள். மழை பெய்கிற அன்று நீங்கள் மடை திறக்க வயலில் நிற்பீர்கள். போன் போடுவது அநேகமாக அவர்களாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊரில் பரிசோதனை எப்படி நடந்தது, தகவல் சொன்னவர்களுக்கு எத்தனை நாளில் ஆள் வந்தது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.